திரும்பினாலும் அதே அணில்

ஒரு மாஸ்காட் ஓவியத்தை மதிப்பிட உட்கார்ந்தால் நான் முதலில் அதன் நிறத்தையும் கண்ணையும் சிரிப்பையும் நீக்கிவிடுவேன். உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, மிஞ்சும் நிழலுருவை மட்டும் பார்ப்பேன். தெருவில் பேருந்து ஜன்னலிலிருந்து ஒரு விளம்பரப் பலகையைப் பார்ப்பவருக்கும், கடைச் சரத்தில் தொங்கும் பாக்கெட்டை எட்டிப் பார்ப்பவருக்கும் முதலில் போய்ச் சேர்வது அந்த வெளிவடிவம்தான். கண்ணும் சிரிப்பும் அதற்குப் பிறகு வரும்.

கடலை மிட்டாய் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காக வரையப்பட்ட அணிலை எடுத்துக்கொள்வோம். வரைந்த பெண் நல்ல கைத்திறன் உள்ளவர். நேராக நிற்பது, முக்கால்பக்கம் திரும்பி மிட்டாயை நீட்டுவது, பக்கவாட்டில் ஓடுவது, துள்ளிக் குதிப்பது, வணக்கம் சொல்வது என ஐந்து போஸ்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐந்தையும் கறுப்பாக்கி ஒரே வரிசையில் வைத்தபோது நிலைமை மாறியது. நேராக நின்ற உருவத்தில் வால் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. வட்டத் தலைமேல் இரண்டு வட்டக் காது, கீழே உருண்டை வயிறு. யாரிடம் காட்டினாலும் கரடி என்றுதான் சொல்வார்கள். ஓடும் போஸில் வால் நேர்கோடாகப் பின்னால் நீண்டிருந்தது, அது கீரி. முக்கால்பக்கத்தில் மட்டும்தான் வால் வளைந்து மேலெழுந்து, அணில் அணிலாகத் தெரிந்தது.

“வால் எங்கம்மா?” என்று கேட்டதற்கு, “பின்னாடி இருக்கு சார், நேரா பாக்கறப்ப தெரியாதில்ல” என்றார். உடற்கூறுப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அணிலை அணிலாக்குவது வால் என்றால், அது தெரியாத கோணமே இந்த உருவத்துக்கு இருக்கக் கூடாது. எனவே ஒரு விதி எழுதினோம். வால் எப்போதும் உடலின் ஒரு பக்கமாக வெளியே வரும். கேள்விக்குறிபோல வளைந்து, நுனி காதின் உயரத்துக்கு மேலே போகும். அகலமான இடத்தில் தலையின் அகலத்தில் பாதி இருக்கும். ஓடும்போதும் வால் படுக்காது. உண்மையான அணில் அப்படி ஓடுமா என்பது இங்கே கேள்வியில்லை.

முதுகுக் கோடுகளிலும் இதே சிக்கல் உண்டு. நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். வட இந்திய இனத்துக்கு ஐந்து. அந்த மூன்று கோடுதான் நம் அணிலை மற்ற நாட்டு அணில்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் முன்பக்கம் பார்த்து நிற்கும் மாஸ்காட்டின் முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. வரைந்தவர் இதற்கு மிக நல்ல தீர்வு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கோடுகளை நெற்றியிலிருந்தே தொடங்கி, உச்சந்தலை வழியாக முதுகுக்கு இறக்கியிருந்தார். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் மூன்று கோடும் தெரியும். அந்த முடிவை அப்படியே வைத்துக்கொண்டோம்.

எளிய வடிவம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் வேண்டும் என்பதை இந்த அணிலின் வால் தெளிவாகக் காட்டியது. முதல் வரைவில் வாலின் ஓரம் முழுக்கக் கூரான முடிக்கற்றைகள். ஒரு போஸில் எண்ணினால் இருபதுக்கு மேல், அடுத்ததில் பதினைந்துக்குள். இரண்டிலும் அவை வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தன. எண்ண முடியாத நுணுக்கத்தைத் திரும்ப வரைய முடியாது. வரைந்தவரே அடுத்த முறை வேறாக வரைவார். நாளைக்கு வேறொரு ஓவியர் வந்தால் இன்னும் விலகிப்போகும். கற்றைகளையெல்லாம் எடுத்துவிட்டு, நுனியில் மூன்றே மூன்று பிளவு என்று வைத்தோம். மூன்று என்பதை யாரும் மறக்க மாட்டார்கள், நெற்றிக் கோடும் மூன்றுதான் என்பதால்.

மிஷ்லின் டயர் மனிதனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஓகலோ என்ற புனைபெயரில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் மாரியுஸ் ரோசியோன் 1898-இல் அவனுடைய முதல் சுவரொட்டியை வரைந்தார். உடல் முழுவதும் ஒரே வடிவம்தான்: அடுக்கி வைத்த வளையங்கள். அன்றைய டயர்கள் மெலிந்தவை. அதனால் வளையங்களும் மெலிந்தவை, எண்ணிக்கையில் அதிகம். இன்றைய மிஷ்லின் மனிதனுக்கு வளையங்கள் குறைவு, ஒவ்வொன்றும் பருமன். தொடக்கத்தில் மூக்குக்கண்ணாடியும் சுருட்டுமாக இருந்தவன் பிறகு அவற்றை இழந்தான். நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ கைகள் அவனை மறுபடி மறுபடி வரைந்தும், வளையம் என்ற ஒற்றை வடிவம் விடுபடவில்லை.

அளவு சிறுத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மிட்டாய் ரேப்பரில் அணிலுக்கு ஒதுக்கிய உயரம் 18 மில்லிமீட்டர். மொத்த உயரம் மூன்று தலை என்றால் தலை 6 மில்லிமீட்டர். அதில் நெற்றிக் கோடுகள் அமர்ந்திருக்கும் அகலம் பாதி, அதாவது 3 மில்லிமீட்டர். மூன்று கோடு, நடுவில் இரண்டு இடைவெளி, மொத்தம் ஐந்து பங்கு, ஆளுக்கு 0.6 மில்லிமீட்டர். பழுப்பு நிறத்துக்கு நடுவே விடப்பட்ட வெள்ளைக் கோடு அச்சில் எப்போதும் கொஞ்சம் மெலியும், மை இருபுறமும் பரவுவதால். 0.6 தாங்கும். ஆனால் 16 பிக்சல் உயரமுள்ள சின்ன ஐகானில் முழு உருவத்தை வைத்தால் தலைக்கு ஐந்து பிக்சல்தான் கிடைக்கும், கோட்டுக்கு அரை பிக்சல்தான் மிஞ்சும். அந்த அளவில் தலையை மட்டும் வைப்பது என்று எழுதிக்கொண்டோம். அப்போது நெற்றிக்கு எட்டு பிக்சல், கோட்டுக்கு ஒன்றரை பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. மூன்று கோடு மங்கலாகவாவது தெரியும்.

இனி அழகு. ஒரு உருவம் நம்மை இழுப்பதில் ஒரு பகுதியை அளந்து பார்க்க முடியும். ஆஸ்திரிய விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943-இல் குழந்தை உருவத்தின் அடையாளங்களைத் தொகுத்தார்: உடலுக்குப் பெரிய தலை, புடைத்த நெற்றி, முகத்தில் தாழ்வாக அமர்ந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கைகால். இவற்றைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பராமரிக்கும் உணர்வு எழுகிறது என்பது அவர் கருத்து. 2009-இல் மெலனி குளோக்கர் குழுவினர் குழந்தைகளின் புகைப்படங்களில் நெற்றி, கண், முக அகலம் போன்ற விகிதங்களைக் கணினியில் கூட்டியும் குறைத்தும் காட்டிச் சோதித்தார்கள். குழந்தை அம்சம் கூடிய முகங்களைப் பார்த்தவர்கள் அதிக அழகு என்றார்கள். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் கூடியது.

மாஸ்காட்காரர்கள் இதை ஆய்வாளர்கள் சொல்வதற்கு முன்பே கையால் உணர்ந்திருந்தார்கள். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கோல்ட் மிக்கி மவுஸின் பல காலகட்டப் படங்களை காலிப்பர் வைத்து அளந்து 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்க கால மிக்கியின் கண், தலை நீளத்தில் 27 சதவீதம். பிற்கால மிக்கிக்கு 42 சதவீதம். தலையும் உடலோடு ஒப்பிடப் பெரிதாகியிருந்தது. வயது ஏற ஏற மிக்கி உருவத்தில் குழந்தையாகிக்கொண்டே போனான் என்பது அவர் கண்டது. சேட்டைக்கார எலியாக வந்தவன் எல்லோருக்கும் பிடித்த நல்ல பிள்ளையாக மாறிய காலமும் அதுதான்.

நம் அணிலுக்கு முதல் வரைவில் கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருந்தன. வளர்ந்த மனிதத் தலையிலும் கண் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. பார்த்தால் முகம் அழகாக இருந்தது, ஆனால் நாற்பது வயது ஆளைப்போல இருந்தது. கண்களைக் கொஞ்சம் இறக்கி, உச்சியிலிருந்து தலை உயரத்தில் 58 சதவீதத்தில் வைத்தோம். கண்ணின் விட்டத்தைத் தலை அகலத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்காக்கினோம். வேறு எதையும் தொடவில்லை. முகம் மாறிவிட்டது.

இந்த விகிதங்களை எல்லா மாஸ்காட்டுக்கும் சூத்திரமாக வைத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிஸ்னியின் மூத்த ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் அனிமேஷனின் பன்னிரண்டு கோட்பாடுகளைச் சொன்னார்கள். ஈர்ப்பு அதில் ஒன்று. வில்லனுக்கும் ஈர்ப்பு வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கொம்பும் வாலுமாக வந்த ஒனிடா பிசாசை எண்பதுகளில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் குழந்தைமை துளியும் இல்லை. மிட்டாய் விற்கும் அணிலுக்குப் பெரிய கண் பொருந்தும். பூட்டு விற்கும் உருவத்துக்கு அதே கண்ணை வைத்தால் வீட்டை யார் காப்பது என்ற சந்தேகம் வரும்.

இப்போது உண்மையான சோதனைக்கு வருகிறேன். பெரும்பாலான மாஸ்காட்கள் தோற்பது தலை திரும்பும் இடத்தில்தான். நேர்முகத்தில் பிடித்துப்போன உருவம், முக்கால்பக்கத்தில் அதன் அண்ணன்போல் இருக்கும். காரணம், நம் மூளை முகத்தைக் கண், மூக்கு, வாய் என்று தனித்தனிப் பட்டியலாகப் பார்ப்பதில்லை. அவற்றுக்கிடையே உள்ள தூரங்களையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் படிக்கிறது. உளவியல் ஆய்வாளர் ராபர்ட் யின் 1969-இல் காட்டியபடி, தலைகீழாகப் பார்க்கும்போது மற்றப் பொருள்களைவிட முகங்களை அடையாளம் காண்பது நமக்கு அதிகமாகக் கெட்டுப்போகிறது. இது மதிப்பீட்டில் நேரடியாக உதவும். ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பினால் முகத்தின் வசியம் குறைந்து, வட்டம் வட்டமாக, கோடு கோடாகத் தெரியும். வடிவங்களை அளக்க அது நல்ல நேரம். மறுபடி நேராக்கினால், அதே ஆள்தானா என்று கேட்கலாம்.

அணிலின் முக்கால்பக்கப் போஸில் அதே ஆள் இல்லை. ஏன் என்று தேடினோம். தலை ஒரு பந்து என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பார்க்கும்போது இரண்டு கண்களும் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 25 பாகை விலகி அமர்ந்திருக்கின்றன. பந்தின் ஆரம் ஒன்று என்றால் இரு கண்களுக்கும் இடையே 0.85 தூரம் தெரியும். இப்போது தலை 45 பாகை திரும்புகிறது. ஒரு கண் நடுவிலிருந்து 20 பாகையிலும் இன்னொன்று 70 பாகையிலும் போய் நிற்கும். தெரியும் தூரம் 0.60-ஆகச் சுருங்குகிறது, அதாவது பழைய இடைவெளியில் ஏறத்தாழ 70 சதவீதம். தூரத்துக் கண் பந்தின் விளிம்புக்கு நெருங்கிவிட்டதால் அதன் அகலமும் நன்றாக ஒடுங்க வேண்டும்.

வரைந்தவர் என்ன செய்திருந்தார் என்றால், நேர்முகத்தின் கண்களை இடைவெளி குறைக்காமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார். முழுக்க நகர்த்தினால் தூரத்துக் கண் தலைக்கு வெளியே போய்விடும் என்பதால் பாதி வழியில் நிறுத்திவிட்டார். மூக்கும் வாயும் மட்டும் சரியான இடம்வரை போயிருந்தன. கண்கள் ஒரு திசையிலும் வாய் வேறு திசையிலும் பார்ப்பதுபோல் இருந்தது அதனால்தான். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்கும் தேவையில்லை. தேங்காயின்மேல் ரப்பர் பேண்டைப் போட்டதுபோல், உச்சியிலிருந்து தாடை வரை ஒரு வளைகோடு வரைய வேண்டும். நெற்றியின் நடுக்கோடு, இரு கண்களின் நடு, மூக்கு, வாயின் நடு நான்கும் ஏறத்தாழ அந்த ஒரே வளைவில் விழுகின்றனவா என்று பார்த்தால் போதும். நம் அணிலில் நெற்றிக்கோடும் மூக்கும் விழுந்தன, கண்களின் நடு விழவில்லை.

பந்துக் கணக்கை மீற உரிமை உண்டா என்றால், நிச்சயம் உண்டு. மிக்கியின் காதுகள் அதற்குப் பெரிய சாட்சி. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை இரண்டும் முழு வட்டமாகவே தெரியும். ஒன்று மற்றொன்றை மறைக்காது. முப்பரிமாணத்தில் அது நடக்காத காரியம். 1940-களின் தொடக்கத்தில் காதுகளையும் தலையோடு சேர்த்து முறைப்படி திருப்பி வரைந்து பார்த்தார்கள். அது நீடிக்கவில்லை, பழைய வட்டங்களே திரும்பி வந்தன. நிழலுரு கெடக் கூடாது என்பதற்காகச் செய்யும் பொய் அது. ஆனால் எல்லாப் படத்திலும் அதே பொய்யைச் சொல்ல வேண்டும். நம் அணிலின் வால் விதியும் அப்படிப்பட்டதுதான். விதி எழுதப்படாமல் ஓவியரின் மனதில் மட்டும் இருந்தால், அடுத்த ஓவியர் கையில் அது பிழையாக மாறும். அதனால்தான் மாடல் ஷீட்டில் முன், முக்கால், பக்கம், பின் நான்கு கோணங்களையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, உச்சி, கண், தாடை, இடுப்பு, பாதம் வழியாகக் கிடைக்கோடுகளை ஓடவிடுகிறோம். ஏதாவது ஓர் உறுப்பு கோட்டைத் தாண்டினால் உடனே கண்ணில் படும்.

கை நீளம் இன்னொரு மறைந்த குழி. தலை பெரிதாகவும் கைகால் குட்டையாகவும் இருந்தால் அழகு கூடுகிறது, உண்மை. ஆனால் அந்தக் கையால் என்ன செய்ய முடியும்? அணிலின் மொத்த உயரம் மூன்று தலை. தோள் தரையிலிருந்து 1.9 தலை உயரத்தில். கை நீளம் 0.7 தலை. கையை நேராக மேலே தூக்கினால் 2.6 வரைதான் எட்டும், உச்சந்தலை மூன்றில் இருக்கிறது. தன் தலையைத் தானே சொறிய முடியாத உருவம். மிட்டாயை வாய்க்குக் கொண்டுபோகலாம், மார்புக்கு நேரே வணக்கம் சொல்லலாம். துள்ளிக் குதிக்கும் போஸிலோ இரு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன. அளந்தால் 1.2 தலை நீளம். வரைந்தவர் அறியாமலே கை ஏறத்தாழ 1.7 மடங்காக நீண்டுவிட்டது. கையை எல்லாப் போஸிலும் 0.95 ஆக்கினோம், குதிக்கும்போது கைகள் தலைக்கு மேலே போகாமல் இருபுறமும் விரிந்து, காதுக்கு நேராக நிற்கும்படி மாற்றினோம். மகிழ்ச்சி குறையவில்லை. முன்பு கைகள் முகத்தின் ஓரத்தோடு ஒட்டி நிழலுருவில் கரைந்திருந்தன. இப்போது தனித்துத் தெரிகின்றன.

அதே போஸில் உடல் பருத்தும் இருந்தது. துள்ளலில் வயிறு நீள்வது நல்ல அனிமேஷன் வழக்கம். ஆனால் நீண்டால் ஒடுங்க வேண்டும். உயரம் 1.25 மடங்கானால், கனஅளவு மாறாமலிருக்க அகலமும் பருமனும் ஆளுக்கு 0.89-ஆகக் குறைய வேண்டும். இங்கே உயரம் மட்டும் கூடி, அகலம் அப்படியே இருந்தது. கால் பங்கு எடை போட்ட அணில்.

கடைசியாக உடுப்பு. கடைத் திறப்புகளுக்கு ஒருவர் இந்த அணிலாக உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. உள்ளே நிற்பவர் 160 செ.மீ. உயரம், தோள் ஏறத்தாழ 130 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மாஸ்காட்டின் தாடை அங்கே உட்கார வேண்டும். தலை மொத்தத்தில் மூன்றில் ஒன்று என்பதால் தலை மட்டும் 65 செ.மீ., மொத்த உயரம் 195 செ.மீ. தலையின் அகலம், கன்னத்தோடு சேர்த்து, 75 செ.மீ. இரண்டரை அடிக் கதவு 76 செ.மீ.; ஒருக்களித்தால்தான் உரசாமல் நுழைய முடியும். கால் விஷயம் இன்னும் சிக்கல். ஷீட்டில் கால் அரைத் தலை உயரம், அதாவது 32.5 செ.மீ. அப்படியென்றால் உடுப்பின் கவடு அவருடைய முழங்காலுக்கும் கீழே தொங்கும். அடி எடுத்து வைக்கலாம், படி ஏற முடியாது. எனவே உடுப்புக்கென்று தனி ஷீட் போட்டோம். கால் நீளம் ஒரு தலை, தலையின் அகலம் 68 செ.மீ. கண்ணின் உயரம், மூன்று கோடு, வால் வளைவு, வால் நுனியின் மூன்று பிளவு ஆகிய நான்கும் அச்சு ஷீட்டில் உள்ளபடியே. உள்ளே இருப்பவர் வாய்த்திறப்பின் வலை வழியாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். வாய் அவர் கண்ணுக்கு நேராக வருகிறதா என்பதைத் தையல்காரர் முதல் மாதிரியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.